ஷாஃப்டை நாமே கடைவதா, வெளியில் வாங்குவதா: போன பணத்தை ஒதுக்கி வைத்துக் கணக்குப் போடும் முறை

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பம்ப் தொழிற்சாலை. மாதம் 1,000 மோனோபிளாக் பம்ப் வெளியே போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாஃப்ட் வேண்டும். ராடு வாங்கி, அளவுக்கு அறுத்து, சி.என்.சி. லேத்தில் கடைந்து, பேரிங் உட்காரும் இடத்தை கிரைண்டிங் செய்து எடுப்பது வரை எல்லாம் உள்ளேயே நடக்கிறது. ஒரு நாள் பக்கத்துத் தெருக் கடைசல் பட்டறைக்காரர் வந்து, "ராடும் என்னுடையதுங்க, முடிச்ச ஷாஃப்ட் ஒண்ணு 222 ரூபாய்க்குத் தர்றேன்" என்கிறார். முதலாளி தன் காஸ்ட் ஷீட்டை எடுத்துப் பார்க்கிறார். சொந்தமாகச் செய்ய 240 ரூபாய் ஆகிறது என்று அதில் இருக்கிறது. ஒன்றுக்கு 18 ரூபாய் மிச்சம், மாதம் 18,000 ரூபாய். இனி வெளியிலேயே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

சிறு தொழிற்சாலைகளுக்கு அடக்கவிலைக் கணக்குப் பார்ப்பது என் வேலை. இந்த மாதிரி 18 ரூபாய் மிச்சம் பலமுறை என் மேசைக்கு வந்திருக்கிறது, பெரும்பாலும் அது மிச்சமாக இருந்ததில்லை. மேலே சொன்ன தொழிற்சாலையையே எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். புரிய வேண்டும் என்பதற்காக எண்களை முழு எண்களாக ஆக்கியிருக்கிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

முதலில் காஸ்ட் ஷீட்டைப் பிரித்துப் போடுங்கள்

240 ரூபாய் என்ற மொத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது எப்படி வந்தது என்று வரிவரியாக எழுத வேண்டும். இந்தத் தொழிற்சாலையில் ஒரு ஷாஃப்டுக்கு இப்படி இருந்தது:

- ராடு: 140 ரூபாய் (150 ரூபாய் ராடு, கடைந்த சுருளை விற்ற 10 ரூபாய் போக)
- லேத் ஆபரேட்டர் சம்பளம்: 20
- கிரைண்டிங் ஆபரேட்டர் சம்பளம்: 18
- இன்சர்ட், கூலன்ட், கிரைண்டிங் வீல்: 12
- மின்சாரம், ஓடிய யூனிட்டுக்கு: 8
- மின்சார நிலைக்கட்டணத்தில் பங்கு: 3
- மெஷின் தேய்மானம்: 15
- ஷெட் வாடகையில் பங்கு: 14
- சூப்பர்வைசர், ஆபீஸ் செலவில் பங்கு: 10

சுருள் விற்ற காசைப் பல காஸ்ட் ஷீட்டில் பார்க்க முடியாது. அது வேறு வருமானமாக எங்கோ ஏறியிருக்கும். வெளியில் வாங்கினால் அந்தச் சுருள் பட்டறைக்காரருக்குப் போய்விடும் என்பதால் அதை இங்கேயே கழித்து எழுதுவதுதான் சரி.

ஜி.எஸ்.டி.யை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். ராடுக்குக் கட்டுவதும், வாங்கும் ஷாஃப்டுக்குக் கட்டுவதும் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பி வந்துவிடும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரவு கிடையாது. அவர்கள் மட்டும் இரண்டு பக்கமும் வரியோடு சேர்த்தே எழுத வேண்டும்.

ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி

கேள்வி இதுதான்: "அடுத்த மாதத்திலிருந்து ஷாஃப்டை வெளியில் வாங்கினால், இந்தப் பணம் என் கையிலிருந்து போவது நிற்குமா?" நின்றால் அது இந்த முடிவுக்குத் தொடர்புடைய செலவு. எப்படி முடிவெடுத்தாலும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தால், அது உண்மையான செலவாகவே இருந்தாலும் இந்த முடிவில் அதற்கு இடமில்லை. ஏற்கெனவே போய்விட்ட பணம், இனி எதைச் செய்தாலும் திரும்பாது என்றால், அதைத்தான் மூழ்கிய செலவு என்கிறோம்.

ராடு நின்றுவிடும். இன்சர்ட், கூலன்ட், வீல் நின்றுவிடும். ஓடிய யூனிட்டும் நின்றுவிடும். ஆனால் மின் கட்டணத்தின் இன்னொரு பாதியைக் கவனியுங்கள். அனுமதி பெற்ற மின்சுமைக்காக மாதாமாதம் வாங்கும் நிலைக்கட்டணம், லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றேதான். அனுமதிச் சுமையையே குறைத்து எழுதிக் கொடுத்தால்தான் அது இறங்கும். ஒரு லேத் நிற்பதற்காக யாரும் அதைச் செய்வதில்லை.

ஷெட் வாடகை நிற்காது. ஷாஃப்ட் மூலை காலியானால் வீட்டுக்காரர் 14,000 ரூபாயைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. சூப்பர்வைசருக்கும் ஆபீசுக்கும் அதே சம்பளம்தான். கணக்காளர் இந்த 24 ரூபாயை ஷாஃப்டின் தலையில் வைத்தது தப்பில்லை. பம்புக்கு விலை நிர்ணயிக்கவும், வருடக் கணக்கில் சரக்கு மதிப்பு எழுதவும் அந்தப் பங்கீடு தேவை. ஆனால் ஷாஃப்ட் போய்விட்டால் அதே 24,000 ரூபாய் கேசிங், இம்பெல்லர் என்று மற்றவற்றின் தலைக்கு மாறும். தொழிற்சாலையை விட்டுப் போகாது. அந்தக் காலி இடத்தால், தனியாக வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு குடோனைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் அது வேறு கதை. அந்தக் குடோன் வாடகை முழுவதும் தொடர்புடைய செலவு ஆகிவிடும். கற்பனையான பங்கை அல்ல, நின்றுபோகும் அந்த உண்மையான வாடகையை எழுதுங்கள்.

தேய்மானம் 15 ரூபாயைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். அதற்குத் தனியாக வருகிறேன்.

சம்பளத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்

பாடத்தில் கூலி என்றால் மாறும் செலவு என்று படித்திருப்போம். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர் என்றால் அது பொருந்தும். மாதச் சம்பளக்காரர் விஷயத்தில் அவர் நாளை எங்கே இருப்பார் என்று கேட்காமல் எதையும் எழுத முடியாது.

லேத், கிரைண்டிங் ஆபரேட்டர் இருவரும் அதே சம்பளத்தில் அங்கேயே இருந்து, வேறு உருப்படியான வேலையும் இல்லை என்றால் அவர்கள் சம்பளமான 38 ரூபாயில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. சொந்தச் செலவில் எழுத வேண்டியது 160 மட்டும்தான்.

இருவரும் அசெம்பிளிக்கு மாறுகிறார்கள், அங்கே புதிதாக ஆள் எடுக்கவிருந்தோம், இனி எடுக்க வேண்டாம் என்றால் மிச்சம் உண்டு. ஆனால் அது எடுக்காமல் விட்ட ஆளின் சம்பளம். 20,000 ரூபாய் லேத் ஆபரேட்டர் 14,000 ரூபாய் ஹெல்பர் வேலைக்குப் போனால் மிச்சம் 14,000தான்.

வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால் சம்பளம் நிற்கும், ஆனால் இழப்பீடு வரும். ஆட்குறைப்புக்குச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 15 நாள் சராசரி ஊதியம் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் காலச் சம்பளமும் உண்டு. இது இந்த முடிவால் மட்டுமே வரும் செலவு. அதனால் வாங்கும் பக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டும். நல்ல லேத் ஆபரேட்டரை ஒருமுறை விட்டால், திரும்ப வேண்டும் என்கிறபோது கிடைக்க மாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள்.

நம் தொழிற்சாலையில் அசெம்பிளிக்கு உண்மையாகவே இரண்டு ஆள் தேவைப்பட்டது, ஏறக்குறைய இதே சம்பளத்துக்கு. ஆகவே 38 ரூபாயையும் முழுசாக எடுத்துக்கொள்வோம். அதாவது வாங்குவதற்குச் சாதகமாகவே கணக்குப் போடுகிறோம். அப்போதும் சொந்தமாகச் செய்வதில் நிற்கும் செலவு 198 ரூபாய், 240 இல்லை.

இப்போது 222ஐப் பாருங்கள்

பட்டறைக்காரர் சொன்ன விலையோடு வாங்கும் செலவு முடிவதில்லை. அவர் இடத்திலிருந்து கொண்டுவர வண்டி வாடகை ஷாஃப்டுக்கு 2 ரூபாய். வந்த சரக்கைச் சோதிக்க ஒரு ஆளுக்கு ஓவர்டைம் 2 ரூபாய். உள்ளே கடையும்போது ஒருநாள் சரக்கு கையில் இருந்தால் போதும், வெளியிலிருந்து வருவதென்றால் 15 நாள் சரக்காவது வேண்டும். 500 ஷாஃப்ட் என்றால் 1,11,000 ரூபாய் அதில் முடங்கும். வருடத்துக்கு 11 சதவீத வட்டியில் அது மாதம் ஆயிரம் ரூபாய் சொச்சம், அதாவது ஷாஃப்டுக்கு 1 ரூபாய். ஆக 227.

சோதனையை மட்டும் சிக்கனம் பண்ணாதீர்கள். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் சில மைக்ரான் குறைந்தால்கூட, பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் நழுவ ஆரம்பிக்கும். அசெம்பிளியில் அது தெரியாது. விவசாயியின் கிணற்றில் சில மாதம் ஓடிய பிறகு சத்தமும் சூடும் கிளம்பி, வாரன்டியில் திரும்பி வரும். முதல் மாதிரிப் பத்தை வைத்து முடிவெடுக்காமல், ஒரு முழு லாட்டை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். செய்தால் 198, வாங்கினால் 227. வாங்கினால் மாதம் 29,000 ரூபாய் கூடுதலாகப் போகும். 18,000 மிச்சம் என்று தோன்றியது எங்கிருந்து வந்தது? நிற்காத 42 ரூபாயை (3, 15, 14, 10) நிற்கும் என்று எடுத்துக்கொண்டதும், வாங்குவதில் ஒளிந்திருந்த 5 ரூபாயை விட்டதும்தான். இரண்டையும் கூட்டினால் 47. அதுதான் 18 மிச்சத்துக்கும் 29 நஷ்டத்துக்கும் இடையில் உள்ள தூரம்.

மெஷினுக்குப் போட்ட பணம்

தள்ளி வைத்த தேய்மானத்துக்கு வருவோம். லேத்தை மூன்று வருடத்துக்கு முன் 18 லட்சத்துக்கு வாங்கினார்கள். பத்து வருடத்துக்குப் பிரித்து, வருடம் 1,80,000 என்று எழுதுகிறார்கள். புத்தக மதிப்பு இன்று 12,60,000 ரூபாய். இன்று விற்றால் 9 லட்சம் கிடைக்கும்.

இந்த மூன்று எண்ணில் ஒன்றுதான் முடிவுக்கு வேண்டியது. 18 லட்சம் போய்விட்டது. 12,60,000 என்பது அந்தப் போன பணத்தை எழுதிவைக்கும் முறை, வேறொன்றுமில்லை. 9 லட்சம் மட்டும்தான் இன்றும் நம் கையில் இருக்கும் வாய்ப்பு.

இங்கே மனசு இரண்டு திசையில் ஏமாற்றும். "18 லட்சம் போட்ட மெஷினைச் சும்மா நிறுத்துவதா" என்று ஒருவர் நஷ்டத்திலும் ஓட்டுவார். "விற்றால் கணக்கில் 3,60,000 நஷ்டம் காட்டும்" என்று பயந்து இன்னொருவர் விற்காமல் விடுவார். அந்த 3,60,000 விற்பதால் வருவதில்லை. சந்தையில் மெஷின் மதிப்பு இறங்கியபோதே அது வந்துவிட்டது. விற்கும் நாளில் புத்தகத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். பேங்க் கடன் இ.எம்.ஐ.யும் இப்படித்தான். ஷாஃப்ட் வாங்கினாலும் செய்தாலும் தவணை கட்டியே ஆக வேண்டும். அதை ஷாஃப்ட் செலவில் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

வெளியில் வாங்கிக்கொண்டு மெஷினை விற்றுவிடுவது என்ற வழியையும் நேர்மையாகப் பார்ப்போம். 9 லட்சம் வந்தால் அந்த அளவுக்குக் கடனை அடைக்கலாம். 11 சதவீத வட்டி என்றால் வருடம் 99,000, மாதம் 8,250 மிச்சம். விற்காமல் இன்னொரு வருடம் வைத்திருந்தால் விலை 7,80,000க்கு இறங்கும் என்று புரோக்கர் சொல்கிறார். அந்த இறக்கம் 1,20,000, மாதம் 10,000. இரண்டும் சேர்ந்து மாதம் 18,250, ஷாஃப்டுக்குச் சுமார் 18 ரூபாய். மெஷினை வைத்திருப்பதற்கான உண்மையான செலவு இதுதான், 15 ரூபாய்த் தேய்மானம் அல்ல. இதைச் சேர்த்தால் சொந்தச் செலவு 216. அப்போதும் 227ஐவிடக் குறைவு. இந்த வழியும் தேறவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெஷின் விலை எப்போதும் மூழ்கிய செலவு இல்லை. வாங்குவதற்கு முதல் நாள் வரை அந்த 18 லட்சம் முழுக்கத் தொடர்புடைய செலவுதான். பணம் கட்டிய மறுநாள்தான் அது மூழ்கியது. அதேபோல், ஸ்பின்டில் பேரிங் போய்விட்டது, சரிசெய்ய 1,20,000 ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், அந்தப் பணம் இன்னும் நம் பையில்தான் இருக்கிறது. அதைச் சொந்தமாகச் செய்யும் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும்.

மெஷின் நேரத்துக்கு விலை உண்டா?

இதுவரை போட்ட கணக்கில், ஷாஃப்ட் கடையாவிட்டால் லேத் சும்மா நிற்கும் என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் வேறு சம்பாத்தியம் உண்டென்றால் படம் மாறும்.

ஒரு ஷாஃப்டுக்கு லேத்தில் 12 நிமிடம். 1,000 ஷாஃப்டுக்கு 200 மணிநேரம், அதாவது 25 நாள் எட்டு மணிநேர ஷிஃப்ட் முழுக்க. வால்வு செய்யும் ஒரு நிறுவனம் 200 மணிநேர ஜாப் ஒர்க் தருவதாகச் சொல்கிறது, மணிக்கு 450 ரூபாய். இன்சர்டும் மின்சாரமும் மணிக்கு 100 போனால் 350 நிற்கும். மாதம் 70,000 ரூபாய்.

ஷாஃப்டை வெளியில் வாங்கி, பகலில் ஜாப் ஒர்க் ஓட்டினால்? வாங்க 2,27,000. லேத் ஆபரேட்டர் இப்போது ஜாப் ஒர்க்கில் இருப்பதால் அவர் சம்பளம் 20,000 மிச்சமாகாது, சேர்க்க வேண்டும். கிரைண்டிங் ஆபரேட்டர் மட்டும் அசெம்பிளிக்குப் போகிறார். 70,000 வரவைக் கழித்தால் நிகரம் 1,77,000. சொந்தமாகச் செய்யும் 1,98,000ஐவிட 21,000 குறைவு. இப்போது வாங்குவதுதான் லாபம்! ஒரே ஆபரேட்டர் சம்பளத்தை மிச்சத்திலும் எழுதி, அவர் ஓட்டும் ஜாப் ஒர்க் வரவையும் எழுதுவதுதான் இந்த இடத்தில் நடக்கும் வழக்கமான தவறு. சம்பளத்தைச் சேர்க்க மறந்தால் 41,000 லாபம் என்று காட்டும்.

அப்புறம் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த லேத் ஒரு ஷிஃப்ட்தானே ஓடுகிறது? இரண்டாவது ஷிஃப்டில் ஜாப் ஒர்க்கை ஓட்டினால் ஷாஃப்டை நிறுத்தவே வேண்டாம். இரவு ஆபரேட்டருக்கு 22,000. ஷாஃப்ட் செலவு 1,98,000, கூட 22,000, வரவு 70,000 போக நிகரம் 1,50,000. மூன்று வழியிலும் இதுதான் மலிவு. மெஷின் நேரத்துக்கு விலை வருவது அந்த நேரம் உண்மையாகவே தட்டுப்பாடாக இருக்கும்போதுதான். இரவுக்கு ஆள் கிடைக்கவில்லை, அல்லது இரண்டு ஷிஃப்டும் நிரம்பும் அளவுக்கு 400 மணிநேர ஜாப் ஒர்க் கையில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு ஷாஃப்டும் 12 நிமிடத்தை, அதாவது 70 ரூபாயை விழுங்குகிறது. அப்போது ராடு முதலிய 160, கிரைண்டிங் ஆபரேட்டர் 18, இந்த 70 சேர்ந்து 248. தயங்காமல் 227க்கு வாங்கலாம்.

ஜாப் ஒர்க் "கிடைக்கும்" என்ற பேச்சை 70,000 என்று எழுதாதீர்கள். கையில் பர்சேஸ் ஆர்டர் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் போன ஆறு மாதத்தில் உண்மையில் எத்தனை மணிநேரம் வெளிவேலை வந்தது என்று பார்த்து அதை எழுதுங்கள்.

முடிவெடுத்த மூன்றாவது மாதம்

எந்தப் பக்கம் போனாலும், முடிவெடுத்த அன்று ஒரு தாளில் "இவையெல்லாம் நிற்கும்" என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். வாங்குவது என்று போயிருந்தால், மூன்று மாதம் கழித்து மின் கட்டண ரசீது, சம்பளப் பட்டியல், டூல் கடை பில், பேங்க் ஸ்டேட்மென்ட் நான்கையும் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். ராடு பில் நின்றிருக்கும். சம்பளப் பட்டியலில் அதே எண்ணிக்கையில் ஆட்கள் இருந்து, அசெம்பிளிக்கும் தனியாக ஆள் எடுத்திருந்தால், அந்த 38 ரூபாய் மிச்சம் தாளில் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். காஸ்ட் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் இது தெரியாது. அதில் ஷாஃப்ட் வரியில் 222 என்று அழகாக இருக்கும், நின்றுபோகாத வாடகையும் தேய்மானமும் வேறு பாகங்களின் வரிகளில் ஏறியிருக்கும்.

செய்வதே சரி என்று முடிவெடுத்திருந்தாலும் அது நிரந்தர முடிவு இல்லை. 198 என்ற எண்ணில் மெஷினுக்கென்று ஒரு பைசாவும் இல்லை. இந்த லேத் தேய்ந்து புதுசு வாங்க வேண்டிய நாள் வரும்போது, புது மெஷினின் விலை முழுக்க முன்னால் வந்து நிற்கும். அன்றைக்குப் பட்டறைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு விலை கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.